அந்தக் காரையும் அந்த ஆளையும் எடுத்துடுங்க, அண்ணே!

அக்காவுக்குக் கல்யாணம் நடந்தது தை மாதம், பாளையங்கோட்டையில். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க எங்கள் வீட்டுக்குச் சித்திரை வரை ஆனது. நடுவில், பங்குனியில், ஆச்சி போய்விட்டாள். அதன் பிறகு கொஞ்ச நாள் அந்த பென்டிரைவை யாரும் தொடவில்லை.

ஒருவழியாக நூற்று இருபது படங்களைத் தேர்வு செய்து அனுப்பினோம். போட்டோகிராபர் அண்ணன் ஆல்பத்தை வடிவமைத்து, பக்கம் பக்கமாக வாட்ஸ்அப்பில் போட்டார். அன்று இரவு பதினொரு மணிக்கு, சென்னையில் என் அறையில் உட்கார்ந்து, குடும்பத்தின் சார்பில் நான் எழுதிய கடிதம் இது:

"அண்ணா வணக்கம். ஆல்பம் பார்த்தோம், சூப்பர். ரெண்டே ரெண்டு திருத்தம். வாசலில் எடுத்த படத்தில் பின்னாடி நிற்கிற காரை எடுத்துடுங்க. ஆச்சி ஆசீர்வாதம் பண்ற படத்தில் பக்கத்தில் நிற்கிறவர் யாருன்னே தெரியலை, அவரையும் எடுத்துடுங்க. சீக்கிரம் அனுப்பினா நல்லா இருக்கும். நன்றி."

கூடவே இரண்டு ஸ்கிரீன்ஷாட், இரண்டிலும் சிவப்பு வட்டம். எழுதுவதுதானே நமக்கு வேலை, சுருக்கமாகவும் மரியாதையாகவும் எழுதிவிட்டோம் என்ற திருப்தியில் தூங்கிவிட்டேன்.

காலையில் போன் வந்தது. "தங்கச்சி, வாசல்ல மட்டும் பதினேழு படம் இருக்கு. நீ அனுப்புனது எந்தப் படம்? ஸ்கிரீன்ஷாட்ல நம்பர் வராதுலா. அப்புறம், ரெண்டாவது சொன்ன வேலை நீ நெனைக்க மாதிரி இல்ல. ஊருக்கு வரும்போது ஒரு எட்டு கடைக்கு வா, நேர்லயே காட்டுதேன்."

அந்தச் சனிக்கிழமை போனேன். அவருடைய பெரிய மானிட்டர் முன்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆல்பம் வேலை நடந்துகொண்டிருக்கும் வீடு எதுவானாலும், அங்கே நான் தெரிந்துகொண்டது உதவும்.

முதலில் கார்

படத்தின் எண் DSC_2318. முகூர்த்தம் முடிந்து பதினொன்றரை மணி வெயிலில், மண்டப வாசலில் வாழை மரத்தடியில் அக்காவும் அத்தானும் நிற்கிறார்கள். அவர்களுக்கு இடது பக்கம் பின்னால் ஒரு வெள்ளைக் கார், நம்பர் பிளேட்டோடு. யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

"எடுக்கதுன்னு நாம சொல்லுதோம். எடுத்தா அந்த இடத்துல ஓட்டைதான் இருக்கும். அதை எதை வச்சு அடைக்கதுங்கதுதான் வேலை" என்றார் அண்ணன். விஷயமே அந்த ஒரு வாக்கியம்தான். காருக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை கேமரா பார்க்கவே இல்லை. படத்தை எவ்வளவு சுரண்டினாலும் காருக்குக் கீழே சுவர் வராது. அந்தச் சுவரை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

பட்டுப்புடவையில் சின்னக் கிழிசல் விழுந்தால், அதே புடவையின் உள்மடிப்பில் இருந்து துளி துணி வெட்டி ஒட்டுத் தைப்பார்களே, அதே மாதிரிதான். ஃபோட்டோஷாப்பில் Clone Stamp என்றொரு கருவி இருக்கிறது. படத்தின் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால், அதை அப்படியே இன்னொரு இடத்தில் பூசும். கார் இல்லாத பக்கத்துச் சுவரில் இருந்து தொட்டுத் தொட்டு, கார் மேல் பூசிக்கொண்டே வந்தார். பந்தல் துணி, மண்தரை, வெறும் சுவர் எல்லாம் சுலபம். ஒரே மாதிரி இருக்கும் பரப்பில் ஒட்டு தெரியாது.

"இதுக்குத் தானா நிரப்புற வசதி இருக்காமே?" என்று கேட்டேன். இருக்கிறது. Content-Aware Fill என்ற அந்த வசதி ஃபோட்டோஷாப்புக்கு 2010-லேயே வந்துவிட்டது. இடத்தை வளைத்துக் காட்டினால், சுற்றியுள்ளதைப் பார்த்து அதுவே நிரப்பிவிடும். எனக்காக ஒருமுறை அழுத்திக் காட்டினார். கார் மறைந்தது. ஆனால் சுவரின் நடுவில் அக்கா தலையில் இருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழம் தொங்கியது! சுற்றி இருப்பதில் அதற்குப் பிடித்தது அதுதான் போலிருக்கிறது. சிரித்துவிட்டு அதை ரத்து செய்தார்.

சிரமம் ஓரங்களில்தான் இருந்தது. அக்காவின் புடவைக் கரையும் காரின் கதவும் உரசுகிற இடம், காற்றில் பறந்த நாலு முடி, வாழை இலையின் கிழிசல்களுக்கு நடுவே கோடு கோடாகத் தெரிந்த வெள்ளை. இலையில் ஒவ்வொரு கீறலாகப் போய் வெள்ளையைச் சுவர் நிறமாக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பாதியை அந்த ஒரு இலை தின்றது.

அடுத்தது நிழல். காரை எடுத்தவர்கள் அதன் நிழலை மறந்துவிடுவது சகஜமாம். உச்சி வெயில் நேரத்து நிழல், காருக்கு அடியிலேயே கருப்பாகக் கிடந்தது. அதை விட்டிருந்தால் சுவர் ஓரத்தில் சொந்தக்காரர் இல்லாத ஒரு நிழல் மட்டும் மிச்சமிருக்கும்.

அதிகாலையில் அலங்காரத்தை மட்டும் தனியாக எடுத்த படம் ஒன்று இருந்தது. அதில் கார் இல்லை. "அப்படியே அந்தச் சுவரை இங்கே வெச்சிடலாமே?" என்றேன், ஏதோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். காலையில் வெளிச்சம் பக்கவாட்டில் நீலமாக விழுகிறது, பதினொன்றரைக்குத் தலைக்கு மேலே வெள்ளையாக. போதாததற்கு அவர் நின்ற இடமும் வேறு, சுவரின் கோடு வேறு சாய்வில் ஓடுகிறது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அடுத்தடுத்த நிமிடங்களில் எடுத்த படமாக இருந்தால் அப்படியே பொருந்தியிருக்கும். அதனால் அந்தப் படத்தில் இருந்து, கார் மறைத்திருந்த கோலத்தின் ஒரு மூலையை மட்டும் எடுத்து, நிறத்தைச் சரிசெய்து வைத்தார்.

இரண்டு படம் வரை திருத்தம் இலவசம் என்று முன்பே பேசியிருந்தோம். ஒரு காருக்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்திருந்தால், கேட்பதற்கே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும்.

அடுத்து அந்த ஆள்

DSC_1964. மணமேடையில் ஆச்சி. எண்பத்து நாலு வயதில் நாலு படி ஏறி வந்திருக்கிறாள். வலது கை அக்காவின் தலைக்கு மேலே, விரல்களில் இருந்து அட்சதை விழுகிறது. அக்கா குனிந்திருக்கிறாள். ஆச்சியின் இடது முழங்கையைத் தாங்கிப் பிடித்தபடி, ஒரு படி கீழே, கிரீம் கலர் சட்டை போட்ட ஒருவர். முப்பது வயது இருக்கலாம். கேமராவைப் பார்க்கவில்லை, ஆச்சியின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆச்சியும் அக்காவும் சேர்ந்து இருக்கிற உருப்படியான கல்யாணப் படம் இது ஒன்றுதான். ஒரே நேரத்தில் மூன்று படம் எடுத்திருக்கிறார். முதலாவதில் ஆச்சி இன்னும் படியில் இருக்கிறாள், முகம் தெரியவில்லை. மூன்றாவதில் ஃபிளாஷ் திரும்ப சார்ஜ் ஆகாததால் படம் இருட்டு. இதைப் பெரிதாக்கி வீட்டில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதற்காகத்தான் 'யாரோ ஒருவர்' வேண்டாம் என்று நான் வட்டம் போட்டது.

அண்ணன் முழங்கைப் பக்கத்தைப் பெரிதாக்கினார். "பின்னாடி பூ அலங்காரம்தான். அவர் தலை, தோள் எல்லாம் அஞ்சு நிமிஷத்துல போயிரும். ஆனா இந்தக் கையைப் பாரு. ஆச்சியோட முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் அவர் கைக்குப் பின்னாடி இருக்கு. நான் இவர் கையை எடுத்தா, ஆச்சி கை எங்க இருந்து வரும்?"

வேறு படத்தில் இருந்து எடுக்கலாம் என்றேன். அதையும் தேடிப் பார்த்து வைத்திருந்தார். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ஆச்சியின் இடது கை தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று இருந்தது. ஆனால் அது இலையில் ஊன்றிய கை, வெளிச்சம் ஜன்னலில் இருந்து வருகிறது, வளையல் வேறு இடத்தில் கிடக்கிறது. வெட்டி, திருப்பி, நிறம் மாற்றி வைக்கலாம். போனில் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

"அதையும் செஞ்சிருவேன்னு வை. ஆனா ஆச்சி நிக்கதைப் பாரு" என்று படத்தைச் சிறிதாக்கினார். "உடம்பு பூராவும் அவர் பக்கம் சாஞ்சிருக்கு. பாரத்தை அவர் கைல குடுத்திருக்காங்க. அவரை எடுத்துட்டா, ஆச்சி கீழ விழப்போற மாதிரி இருக்கும்."

அதுவரை அந்தப் படத்தை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். அந்தச் சாய்வு என் கண்ணில் படவே இல்லை.

"முதல்ல இவர் யாருன்னு சம்பந்தி வீட்டுல கேட்டீங்களா?" என்றார் அடுத்து. கேட்கவில்லை. நமக்குத் தெரியாதவர் என்றால் யாருக்கும் தெரியாதவர் என்று முடிவு கட்டிவிட்டோம். இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்களாம். பெண் வீட்டார் சொல்லி நீக்கிய 'யாரோ' ஒருவர், ஆல்பம் அச்சாகி வந்தபின் மாப்பிள்ளையின் தாய்மாமன் என்று தெரியவந்து, அந்த ஆல்பத்தை மறுபடி போட்ட கதை ஒன்றைச் சொன்னார்.

அங்கேயே உட்கார்ந்து அத்தைக்கு, அதாவது அத்தானின் அம்மாவுக்கு, போன் போட்டேன். படத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பக்கத்து ஆளுன்னுலா நாங்க நெனச்சோம்!" என்றார்கள்.

அப்புறம் அண்ணனுக்குத்தான் வீடியோ ஞாபகம் வந்தது. போட்டோவில் ஒரு நொடிதான் இருக்கும், வீடியோவில் அதற்கு முன்னும் பின்னும் இருக்குமே. ஓட்டிப் பார்த்தோம். அந்தக் கிரீம் சட்டைக்காரர் டிரேயில் தண்ணீர் பாட்டில்களோடு மேடைக்குப் பக்கவாட்டில் வருகிறார். ஆச்சி முதல் படியில் கால் வைத்துத் தடுமாறுகிறாள். பக்கத்தில் சித்தப்பா போன் பேசிக்கொண்டிருக்கிறார். நான் இருக்கிறேன், அக்காவின் மாலையைச் சரிசெய்தபடி எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு. அவர் டிரேயைக் கீழே வைக்கிறார், ஆச்சியைப் பிடிக்கிறார், நாலு படியும் ஏற்றுகிறார், ஆசீர்வாதம் முடியும் வரை நிற்கிறார், இறக்கிவிடுகிறார், டிரேயை எடுத்துக்கொண்டு போகிறார். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். இரண்டு முறை ஓட்டச் சொன்னாள். "அவரு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். சித்தப்பா மட்டும் "இருந்தாலும் ஃபேமிலி போட்டோல்லா..." என்று ஆரம்பித்தார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் அது அங்கேயே நின்றது.

சமையல் கான்ட்ராக்டரிடமும் விசாரித்தோம். அன்றைக்குப் பரிமாற ஆள் போதாமல் வெளியில் இருந்து கூப்பிட்ட பையன்களில் ஒருவராக இருக்கும், பெயர் தெரியாது என்றார்.

இரண்டாவது கடிதம்

சுவரில் மாட்டும் படத்துக்கு அண்ணனே வழி சொன்னார். முழுப் படத்தை மாட்டாமல், ஆச்சியின் முகம், தூக்கிய கை, அக்காவின் குனிந்த தலை மட்டும் வருகிற மாதிரி மேல்பாதியை வெட்டி எடுப்பது. முழங்கை அந்த வெட்டுக்குள் வராது. ஓரத்தில் தெரிகிற அவரின் தோளுக்குப் பின்னால் பூ மட்டும்தான், அதை நிரப்பிவிடலாம்.

வெட்டினால் படம் மங்கிவிடாதா? அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். எங்கள் படம் முழுதாக 6000-க்கு 4000 புள்ளி. வெட்டியபின் மிஞ்சியது 2400-க்கு 3000. முந்நூறால் வகுத்தால் 8-க்கு 10 அங்குலம். அந்த அளவு சட்டத்துக்குக் கச்சிதம். 'பெருசா, ஹால் முழுக்க' என்று அம்மா கேட்டிருந்தால் முகம் மங்கியிருக்கும்.

அன்று மாலை, பழைய கடிதத்தை மறந்துவிடச் சொல்லி, இதை எழுதினேன்:

"அண்ணா, வணக்கம். பேசியபடி திருத்தங்கள்:

DSC_2318, ஆல்பத்தில் 31-வது ஷீட். இடது பக்கம் உள்ள வெள்ளைக் கார், அதன் நிழல் இரண்டையும் நீக்கவும். அந்த இடத்தில் சுவரும் தரையும் வந்தால் போதும். கோலத்தின் மூலைக்கு காலையில் எடுத்த அலங்காரப் படத்தைப் பயன்படுத்தலாம். அக்கா, அத்தான் முகத்தையோ உடம்பையோ மாற்ற வேண்டாம். வாழை மரத்தை நீக்கினால்தான் வேலை சுலபம் என்றால் நீக்க வேண்டாம், எங்களிடம் கேட்கவும்.

DSC_1964, 22-வது ஷீட். முன்பு சொன்னதை ரத்து செய்கிறோம். ஆல்பத்தில் இந்தப் படம் எடுத்தபடியே இருக்கட்டும். இதே படத்தின் மேல்பாதியை மட்டும் 8-க்கு 10 அங்குலத்தில் தனியாக வெட்டி, ஓரத்தில் தெரியும் தோளை மட்டும் நீக்கவும். ஆச்சியின் முகத்தில் சுருக்கம், நிறம் எதையும் மாற்ற வேண்டாம்.

திருத்திய படங்களைப் புதுப் பெயரில் சேமிக்கவும், அசல் படங்கள் அப்படியே எங்களுக்கு வேண்டும். இரண்டையும் வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பவும். நான் பார்த்து 'அச்சுக்கு ஓகே' என்று எழுதும்வரை லேபுக்கு அனுப்ப வேண்டாம்."

டாக்குமென்டாக அனுப்பச் சொன்னதற்குக் காரணம், போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், ஒட்டு தெரியாது. எங்கள் ஆல்பத்தின் ஒரு ஷீட் விரித்தால் 12-க்கு 36 அங்குலம். போனில் அரிசி அளவு இருந்த தப்பு அதில் உள்ளங்கை அளவு தெரியும். அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்றதற்கும் காரணம் உண்டு. இந்த வகை ஆல்பத்தில் ஷீட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டி பைண்ட் செய்கிறார்கள். ஒரு பக்கத்தை மட்டும் உருவி மாற்ற முடியாது.

வந்த படத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பதையும் அண்ணனே சொல்லிக்கொடுத்திருந்தார். லேப்டாப்பில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, நீக்கிய இடத்தைப் பார்க்காமல் அதைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரே கறை சுவரில் இரண்டு இடத்தில் இருந்தால், அங்கிருந்து தொட்டு இங்கே பூசியிருக்கிறார்கள். நேர்க்கோடாக ஓட வேண்டிய சுவர் விளிம்போ தூணோ நடுவில் லேசாக வளைந்தால் அங்கே ஒட்டு இருக்கிறது. சுற்றிலும் பொடிப்பொடியாகப் புள்ளி இருக்க, ஓரிடம் மட்டும் மழமழவென்று இருந்தாலும் சந்தேகம்தான். மனிதரை நீக்கிய படத்தில் கைகளை எண்ண வேண்டும். ஆளைத் தூக்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவர் தோளில் அவர் போட்ட நாலு விரலை விட்டுவிடுவார்களாம்.

நான் அத்தனையும் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன், இலையைப் பார்த்தேன், கைகளை எண்ணினேன். 'அச்சுக்கு ஓகே' என்று எழுதினேன்.

ஆல்பம் போன வாரம் வந்தது. 22-வது ஷீட் வந்ததும் அம்மா கொஞ்ச நேரம் திருப்பவே இல்லை. 31-வது ஷீட்டில் கார் நின்ற தடயமே இல்லை, அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நான்தான் பழக்கதோஷத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழை மரத்தடியில், பளபளவென்று துலக்கி வைத்த பித்தளை நிறைகுடம். அதன் இடது ஓரத்தில், கட்டைவிரல் நக அளவில், வளைந்து நெளிந்து ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவள்.